வெள்ளிக்கிழமைச் சர்க்கரை

பால் கணக்கைக் காலண்டரில் குறித்து வைப்பதில் நம் வீட்டுப் பெண்மணிகளை மிஞ்ச ஆள் கிடையாது. என்றைக்கு அரை லிட்டர் கூடுதலாக வாங்கினோம், என்றைக்கு வேண்டாமென்று சொன்னோம் என்பதெல்லாம் அதில் தவறாமல் இருக்கும். அதே வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருந்து, விரலைக் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் இருந்தால், அந்தக் கணக்கு மட்டும் எப்படி இருக்கிறது? ஒரு துண்டுக் காகிதம். அதில் ஐந்தாறு எண்கள். தேதிகூட இராது. அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார், பாவம்!

எண் மட்டும் தனியாக ஒன்றும் சொல்லாது. 170 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததென்றால் பெரும்பாலோருக்குப் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு. காலையில் வெறும் வயிற்றில் பார்த்ததென்றால் அதிகம். எண்ணுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு நேரம் இருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டாகிறது.

மயிலாப்பூரில் ஓர் அம்மாள், வயது 58. காலையில் கிளிமிபிரைடு மாத்திரை ஒன்று, இரு வேளை மெட்ஃபார்மின். அவர் டாக்டரிடம் கொண்டுபோன காகிதத்தில் 121, 248, 118, 252, 126 என்று இருந்தது.

"ஒரு நாள் தங்கமாக இருக்கிறது, ஒரு நாள் தாறுமாறாக ஏறுகிறது, டாக்டர். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிடுங்களேன்" என்றார் அம்மாள்.

"கூட்டலாம் அம்மா. ஆனால் ஏறுவது ஏன் என்று தெரிய வேண்டாமா? இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். பார்த்த நேரம், சாப்பிட்ட நேரம், மாத்திரை போட்ட நேரம் மூன்றும் வேண்டும். உடம்புக்கு ஏதாவது செய்தால் அதையும் எழுதுங்கள், முடிந்தால் அந்தச் சமயத்திலேயே ஒரு தரம் பாருங்கள்" என்றார் டாக்டர்.

மருமகள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். தேதி, நேரம், சர்க்கரை, என்ன சாப்பாடு, மாத்திரை, குறிப்பு என்று ஆறே கட்டங்கள். ஒரு புதன்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது: காலை 6.30, வெறும் வயிறு, 118. 7.30-க்கு மாத்திரை. 7.40-க்கு மூன்று இட்லி, சாம்பார். 9.40-க்கு 168. பகல் சாப்பாட்டுக்கு முன் 12.45-க்கு 112. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பாருங்கள். காலை 6.30, வெறும் வயிறு, 121. வழக்கம்போல் 7.30-க்கு மாத்திரை. ஆனால் பூஜை முடிந்து கோவிலுக்குப் போய் வரும்வரை சர்க்கரையில்லாத காப்பியைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. 10.45: 'கை நடுங்குகிறது, வியர்க்கிறது'. பார்த்தால் 61! உடனே பிரசாதச் சர்க்கரைப் பொங்கல், இரண்டு வாழைப்பழம். 11.30-க்கு முழுச் சாப்பாடு. 1.30-க்கு 248.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. நடுவில் வந்த அமாவாசையன்றும், காக்கைக்குப் படைத்த பிறகுதான் சாப்பாடு என்பதால், 64 வரை இறங்கிப் பிறகு 239-க்கு ஏறியிருந்தது. மற்ற நாட்களில் அப்படியொன்றும் இல்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு ஏறுவது வியாதியல்ல அம்மா, இறங்குவதுதான் வியாதி" என்றார்.

விஷயம் இதுதான். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்ஸுலினைச் சுரக்கச் செய்கிறது. வயிற்றுக்குள் ஆகாரம் வந்ததா இல்லையா என்று அது காத்திருப்பதில்லை. அதனால்தான் அதை அன்றைய முதல் ஆகாரத்தை ஒட்டிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். மாத்திரை 7.30-க்கு, சாப்பாடு 11.30-க்கு என்றால் இடையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. நடுக்கத்தில் கைக்குக் கிடைத்த தித்திப்பையெல்லாம் சாப்பிடுகிறோம். பிறகு வானத்துக்கு ஏறுகிறது. முதலில் கொண்டுபோன காகிதத்தில் இறக்கம் தெரியவே இல்லை. நடுங்கும்போது யார் மீட்டரைத் தேடினார்கள்? ஏறிய பிறகு பார்த்த எண்தான் அதில் இருந்தது. அதை நம்பி மாத்திரையைக் கூட்டியிருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் படிக்கட்டிலேயே மயங்கி விழுந்திருக்கலாம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டிக்கொடுக்காது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சராசரியில் மறைந்துவிடும்.

இந்த அம்மாளுக்கு டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. விரத நாட்களில் முதல் ஆகாரத்தோடு மட்டுமே அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை 1.30-க்கு 171. இது அவருக்குச் சொன்ன யோசனை. அவரவர் மாத்திரையை மாற்ற வேண்டியவர் அவரவர் டாக்டர்தான்.

இனி, எழுதும்போது கவனிக்க வேண்டியவை. சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி என்பதை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. தினமும் ஏழெட்டுத் தடவை விரலைக் குத்திக்கொள்ள எல்லோருக்கும் அவசியமில்லை. ஒரு நாள் காலை ஆகாரத்துக்கு முன்னும் பின்னும், மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், அதற்கு மறுநாள் இரவுக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், இரண்டு வாரத்தில் எல்லா வேளையும் வந்துவிடும். ஜோடியாகப் பார்ப்பதில்தான் லாபம். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால், விரலில் ஒட்டிய சாறும் சேர்ந்து எண்ணை ஏற்றிக் காட்டும். சந்தேகமாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்து, இரண்டையுமே எழுதுங்கள். மீட்டரும் ஆய்வுக்கூடக் கணக்கிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து வரை முன்பின் காட்டலாம். ஆகையால் நேற்று 118, இன்று 126 என்று கவலைப்பட வேண்டாம். ஒரே மாதிரி நாளில், ஒரே நேரத்தில், மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள்.

கல்யாண வீட்டில் இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டதைக் குறிப்பில் எழுத வெட்கப்படக் கூடாது. எழுதாவிட்டால் அந்த ஏற்றத்துக்கு டாக்டர் வேறு காரணம் தேடுவார். பார்க்க மறந்த வேளையை வெறுமையாகவே விடுங்கள். உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டு நிரப்புவதைவிட வெற்றுக் கட்டம் நூறு மடங்கு மேல்.

எண் 70-க்குக் கீழே வந்தால் முதலில் நோட்டு அல்ல, சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தரம் குடியுங்கள். ஏறியதும் ஆகாரம் சாப்பிடுங்கள். மீட்டர் அருகில் இல்லையென்றால் தேடிக்கொண்டிராமல் முதலில் குடித்துவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகு நேரத்தைப் போட்டு எழுதி, டாக்டரை அடுத்த முறை பார்க்கும்வரை காத்திராமல் டெலிபோனிலாவது சொல்லிவிடுங்கள். நோட்டிலேயே அதுதான் முக்கியமான வரி.