பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை: ஏன்?

தஞ்சாவூரிலிருந்து ஒருவர் தமிழக அரசின் ‘கருவூலம்’ இணையதளத்தில் 500 ரூபாய் கட்டணம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு சலான் உருவாகும். அதில் தனி எண்ணும், தொகை சேரவேண்டிய கணக்குத் தலைப்பும் இருக்கும். அதே நாளில் பலர் 500 ரூபாய் கட்டலாம். யார் கட்டியது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

வங்கி பணத்தை எடுத்ததும், சலான் எண்ணோடு தன் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்துத் தளத்துக்குப் பதில் அனுப்பும். நடுவில் இணைப்பு அறுந்தால் பதில் சேராது; பணம் போயிருக்கும், ரசீது வராது. பிறகு வங்கி தரும் வரவுப் பட்டியலைச் சலான் பதிவுகளோடு ஒப்பிட்டு, எண்ணும் தொகையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பொருந்தினால் சலான் ‘செலுத்தப்பட்டது’ என மாறும்.

ஆகவே உடனே மறுபடி கட்டாதீர்கள். புதிய சலானுக்குப் புதிய எண், அது தனிக் கட்டணமாகிவிடும். பழைய எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள்.