32 பிட்டுக்குள் ஒரு பாகப்பிரிவினை

1965-இல் அமெரிக்காவின் டிஇசி நிறுவனம் பிடிபி-8 என்ற சிறு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை நினைவகத்தில் 4,096 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் 12 பிட். கட்டளை ஒவ்வொன்றும் அந்த 12 பிட்டுக்குள்தான் அடங்கியாக வேண்டும். சிக்கல் அங்கேதான். 4,096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. அவற்றில் ஓர் இடத்தைச் சுட்டவே 12 பிட்டும் செலவாகிவிடும். அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு பிட்கூட மிஞ்சாது.

வடிவமைத்தவர்கள் முகவரியில் கைவைத்தார்கள். செயலைக் குறிக்கும் ஆப்கோடுக்கு 3 பிட். அதனால் எட்டு வகைக் கட்டளைகள். மிஞ்சிய ஒன்பதில் 7 பிட் முகவரிக்கு. அது 128 இடங்கள் கொண்ட ஒரு பக்கத்துக்குள் மட்டுமே எட்டும். முதல் பக்கமா, கட்டளை இருக்கும் பக்கமா என்று சொல்ல ஒரு பிட். கடைசி பிட், ‘அந்த இடத்தில் உள்ளதையே முழு முகவரியாக எடுத்துக்கொள்’ என்று சொல்வதற்கு. நினைவகம் முழுவதையும் எட்டிவிடலாம்தான். ஆனால் ஒருமுறைக்கு இருமுறை நினைவகத்துக்குப் போய்வர வேண்டும்.

இந்தப் பாகப்பிரிவினையின் கணக்கு எளிது. எத்தனை பொருள்களில் ஒன்றைச் சுட்ட வேண்டுமோ, அந்த எண்ணிக்கையைத் தொடும்வரை இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். 32 ரெஜிஸ்டர்களுக்கு 5 பிட் போதும். ஒன்று கூடி 33 ஆனால் 6 பிட். அதில் 31 எண்கள் சும்மா கிடக்கும். அதனால்தான் 16, 32, 64 என்றே ரெஜிஸ்டர்களை வைப்பது பெரும்பாலும் வழக்கம்.

இன்றைய உதாரணம், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ‘சக்தி’ செயலிகளும் இந்தக் கட்டளை அமைப்பையே பின்பற்றுகின்றன. இதில் வழக்கமான கட்டளையின் நீளம் 32 பிட். ‘இந்த ரெஜிஸ்டரில் இருப்பதோடு இந்த எண்ணைக் கூட்டி அந்த ரெஜிஸ்டரில் போடு’ என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஆப்கோடுக்கு 7 பிட், அதன் உட்பிரிவுக்கு 3, இரண்டு ரெஜிஸ்டர்களுக்கு 10. ஆக 20 போய்விட்டது. கட்டளைக்குள்ளேயே எழுதப்படும் எண்ணுக்கு மிஞ்சுவது 12. கழித்தல் எண்களுக்கும் இடம் விட வேண்டும் என்பதால், அதன் எல்லை -2048 முதல் 2047 வரை.

ரெஜிஸ்டர்களை 64 ஆக்கினால் என்ன? இரண்டுக்கும் தலா ஒரு பிட் கூடும்; எண்ணுக்குப் பத்துதான் மிஞ்சும். எல்லை -512 முதல் 511 வரை சுருங்கிவிடும். இரண்டே பிட்தான் குறைந்தது, வீச்சோ கால்பங்காகிவிட்டது.

நினைவகத்தின் கதியும் இதேதான். 4 ஜிபி நினைவகத்துக்கு 32 பிட் முகவரி வேண்டும். கட்டளையின் மொத்த நீளமே அவ்வளவுதான். அதனால் முழு முகவரியைக் கட்டளையில் எழுதுவதே இல்லை. அடிப்படை முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் வைத்துவிட்டு, அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை மட்டும் அந்த 12 பிட்டில் எழுதுகிறார்கள்.

2047-ஐத் தாண்டிய எண் வேண்டுமென்றால்? ஒரே கட்டளையில் 7000 என்று எழுதினால் அசெம்ப்ளர் பிழை சொல்லி ஏற்க மறுத்துவிடும். வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். `lui` என்ற கட்டளையில் ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான், உட்பிரிவும் கிடையாது. 32-இல் 7-ம் 5-ம் போக எண்ணுக்கு 20 பிட் கிடைக்கிறது. அந்த எண்ணை 4096-ஆல் பெருக்கி ரெஜிஸ்டரில் வைப்பதுதான் அதன் வேலை. மேல் 20-ம் கீழ் 12-ம் சேர்ந்தால் சரியாக 32. 5000-க்கு இது சிக்கலில்லாமல் நடக்கும்: ஒரு 4096, மேலே 904.

7000-இல்தான் கால் இடறும். 4096 போக மிச்சம் 2904. அது 2047-க்கு மேல். அந்த 12 பிட் வடிவத்தை அப்படியே திணித்தால் செயலி அதைக் கழித்தல் எண்ணாக, -1192 என்று படிக்கும். விடை 2904 ஆகிவிடும். சரியானதைவிட 4096 குறைவு. கையால் பிட்களைப் பிரித்து எழுதுபவர்கள் விடை மிகச்சரியாக 4096 பிசகுவதைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. மேல்பகுதியில் ஒன்றைக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும்:

```
lui  x5, 2
addi x5, x5, -1192
```

இரண்டு 4096 சேர்ந்து 8192. அதில் 1192 போனால் 7000. நிரலில் `li x5, 7000` என்று எழுதினால், இந்தத் திருத்தத்தைச் செய்து இரண்டு கட்டளைகளாகப் பிரித்துக்கொடுப்பது அசெம்ப்ளரின் பொறுப்பு.