ஹார்ன் அடிக்கவில்லையா? முதலில் 'டிக்' சத்தத்தைக் கேளுங்கள்

காரின் ஹார்ன் ஊமையாகிவிட்டால், இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஒருவரை ஹார்னை அழுத்தச் சொல்லுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் காதை வையுங்கள். ரிலேயிலிருந்து 'டிக்' என்று கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஸ்டீயரிங் சுவிட்ச் இவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். அதுவும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயரே எரியும்.

'டிக்' கேட்டும் சத்தம் ஈனமாக வந்தால், கிரில்லுக்குப் பின்னால் உள்ள ஹார்னைப் பாருங்கள். மழைநீர் தெறிக்கும் இடம் அது. கனெக்டரைக் கழற்றினால் பின்னில் பச்சைக் களிம்பு தெரியலாம்.

கனெக்டரைக் கழற்றிவைத்து மல்டிமீட்டரில் அளந்தால் களிம்பு இருந்தாலும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். மாட்டிய நிலையில், ஹார்னை அழுத்தியபடி அதன் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 9 வோல்ட்தான் வருகிறதென்றால் மீதி வழியில் தொலைகிறது. பின்னையும் எர்த் போல்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

12 வோல்ட் முழுதாக வந்தும் கரகரத்தால், உள்ளே தகடோ கான்டாக்டோ தேய்ந்திருக்கலாம். பெரும்பாலும் ஹார்னையே மாற்ற வேண்டியிருக்கும்.