டிசம்பர் மாத நிழலும் இரண்டடி நடைபாதையும்

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து மொட்டை மாடிகளைத் தேடி சோலார் நிறுவனங்களின் ஆட்கள் வருவது அதிகரித்துவிட்டது. மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கும் என்பதால் வீட்டுக்காரர்களும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். வருகிறவர் மாடியின் நீள அகலத்தை டேப்பில் அளந்து, ஒரு பேனலின் பரப்பால் வகுத்து, இத்தனை கிலோவாட் என்று அங்கேயே சொல்லிவிடுவார். அந்தக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது நிழல்.

ஒரு பேனலில் விழும் சிறு நிழல் அந்தப் பேனலோடு நிற்பதில்லை. பேனலுக்குள் இருக்கும் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. பேனல்களும் ஒன்றோடொன்று தொடராகவே இன்வெர்ட்டருக்குப் போகின்றன. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் தளர்ந்தால் பின்னால் வரும் எல்லோரும் தளர்ந்துதான் நடக்க வேண்டும். அப்படித்தான் நிழலில் இருக்கும் செல் மற்ற செல்களின் மின்னோட்டத்தையும் பிடித்து நிறுத்துகிறது. இதற்கு மாற்றுவழியாக ஒவ்வொரு பேனலிலும் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கின்றன. நிழல் விழுந்த பகுதியை அவை ஒதுக்கிவிட்டு மின்னோட்டத்தைச் சுற்றி அனுப்பும். ஒதுக்கப்பட்ட பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். இப்போது பரவலாக விற்கும் ஹாஃப் கட் பேனலை நெட்டுக்குத்தாக வைத்திருக்கும்போது, அதன் கீழ் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாக நிழல் விழுந்தால்கூடப் பாதிப் பேனல் ஓய்ந்துவிடும். அதே பேனல் படுக்கைவாட்டில் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் போகும்.

ஆகவே பேனலை எங்கே வைப்பது என்பதை மாடியில் நின்று முடிவு செய்ய முடியாது. வரைபடத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். பேனல் நிறுவ வருகிறவர்கள் மே மாதம் வந்தால் மே மாத நிழலைத்தான் பார்ப்பார்கள். வரைபடத்தில் டிசம்பரை வரவழைக்கலாம்.

கோயம்புத்தூரில் ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். கைப்பிடிச் சுவருக்கு உட்புறம் கிழக்கு மேற்காக 12.2 மீட்டர், தெற்கு வடக்காக 9.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடிக்கு 30 அடி. சுற்றிலும் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவர். வாஸ்து பார்த்துக் கட்டிய பல வீடுகளைப் போலவே தென்மேற்கு மூலையில் படிக்கட்டு அறையும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும். அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர். தொட்டியோடு சேர்த்து உயரம் 4 மீட்டர். சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து போகும் ஊரில், மாடியிலேயே உயரமான பொருள் தெற்கில் நிற்கிறது. நிழல் கணக்குக்கு இது மோசமான இடம்.

முதல் வேலை அளவு. நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அவை சமமாக வராவிட்டால் மாடி சரியான செவ்வகம் இல்லை; சரி செய்யாமல் வரைந்தால் கடைசி வரிசை சுவரில் போய் இடிக்கும். வடக்குத் திசையைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது நல்லது. மாடியில் இரும்புக் கம்பி அதிகம்; கைபேசித் திசைகாட்டி அங்கே தடுமாறும். பிறகு ஆட்டோகேட்டில் மில்லிமீட்டரை அலகாக வைத்து, `PLINE` கட்டளையால் சுவரின் உள்விளிம்பையும் படிக்கட்டு அறையையும் வரைந்து, வடக்கு மேலே இருக்கும்படி படத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நிழல். ஆண்டிலேயே நண்பகல் நிழல் மிக நீளமாக விழும் நாள் டிசம்பர் 21. அன்று சூரிய நேரப்படி காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இடையில் எந்தப் பேனலிலும் நிழல் விழக்கூடாது என்பது துறையில் பலரும் கைக்கொள்ளும் அளவுகோல். கோவையில் அந்த 9 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 34 டிகிரி உயரத்தில், தென்கிழக்கில் இருக்கும். ஒரு மீட்டர் உயரப் பொருளின் நிழல் வடக்கே 0.917 மீட்டரும் மேற்கே 1.157 மீட்டரும் போகும். 3 மணிக்கு வடக்கே அதே அளவு. மேற்குக்குப் பதில் கிழக்கு. நண்பகலில் நேர் வடக்கே 0.686 மீட்டர். இந்த மூன்று எண்கள் கைவசம் இருந்தால் போதும்.

பேனலின் தாழ்ந்த விளிம்பு தளத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடிச் சுவரில் நிழல் தரும் உயரம் அப்போது 70 சென்டிமீட்டர்தான். அதனால் தெற்குச் சுவரிலிருந்து 64 சென்டிமீட்டரும், கிழக்கு, மேற்குச் சுவர்களிலிருந்து 81 சென்டிமீட்டரும் விட வேண்டும். வடக்குச் சுவர் நிழல் தராது என்று நினைப்பவர்கள் உண்டு. கோவையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஜூன் மாதக் காலையில் வடக்குச் சுவரின் நிழலும் 26 சென்டிமீட்டர் உள்ளே வரும்.

படிக்கட்டு அறைக்குத் தொட்டியோடு சேர்த்து நிழல் உயரம் 3.7 மீட்டர். அந்த அறையின் கோட்டைத் தேர்ந்தெடுத்து, `COPY` கட்டளையில் `D` கொடுத்து, இடப்பெயர்ச்சியாகக் கீழுள்ள எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினால், காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி நிழலின் மேல்முனைகள் படத்தில் வந்து உட்காரும்.

```
-4281,3393
0,2538
4281,3393
```

அறையின் மூலைகளை அந்த மூன்று நகல்களின் மூலைகளோடு இணைத்தால் வரும் பரப்புதான் விலக்கப்பட்ட இடம். அதை `HATCH` போட்டு நிரப்பினால் மாடியின் நடுவில் பெரிய கறுப்புத் திட்டு கிடைக்கும். மாலை 3 மணி நிழல் மேற்குச் சுவரிலிருந்து 7.28 மீட்டர் வரை நீளுகிறது. அதற்குக் கிழக்கே, கிழக்குச் சுவருக்கு விட்ட இடம் போக, 4.11 மீட்டர் அகலத்தில் முழு வெயில் இடம் மிஞ்சுகிறது.

அந்த இடத்தில் வரிசைகளை அடுக்க வேண்டும். 550 வாட் பேனல் ஒன்று 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்த்தால் அதன் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடச் சுமார் 40 சென்டிமீட்டர் உயரும். முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் விழாமலிருக்க 40-ஐ 0.917-ஆல் பெருக்கினால் 37 சென்டிமீட்டர் இடைவெளி போதும். ஜெர்மனியின் பெர்லினில் இதே பேனலுக்கு டிசம்பர் நண்பகலுக்கு மட்டுமே ஒன்றரை மீட்டருக்கு மேல் விட வேண்டும். ஐரோப்பிய அட்டவணையை அப்படியே எடுத்து வரைந்தால் நம் மாடியில் ஒரு வரிசையே காணாமல் போகும்.

ஆனால் 37 சென்டிமீட்டரில் ஆள் நடக்க முடியாது. தமிழ்நாட்டில் வரிசை இடைவெளியைத் தீர்மானிப்பது நிழலைவிட நடைபாதைதான். தூசியும் காக்கை எச்சமும் படிந்த பேனலை வாளியோடும் துடைப்பானோடும் போய்க் கழுவ 60 சென்டிமீட்டராவது வேண்டும், அதாவது இரண்டடி. பழுதான பேனலைக் கழற்றி எடுக்கும்போது 28 கிலோ எடையுள்ள கண்ணாடிப் பலகையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கும் இந்த இடம் தேவை. நெருக்கி வைத்து ஒரு வரிசை கூட்டிய மாடிகளில் பின்வரிசையைக் கழுவ வழியில்லாமல் பேனல்மேல் கால் வைத்து ஏறுகிறார்கள். செல்லில் விழும் மெல்லிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது, உற்பத்தியில் தெரியும். தொட்டிக்கு ஏறும் ஏணி, மழைநீர் வெளியேறும் துளை ஆகியவற்றுக்கும் இதே நடைபாதையில் வழி இருக்க வேண்டும்.

60 சென்டிமீட்டர் இடைவெளியோடு `ARRAYRECT` கொடுத்துப் பார்த்தால் மூன்று வரிசைகளுக்கு 7.93 மீட்டர் ஆகிறது. தெற்கே 65, வடக்கே 62 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது. நிழலுக்கும் சரி, நடக்கவும் சரி. குறுக்கே மூன்று பேனல்கள் இடைவெளியோடு 3.44 மீட்டர். மொத்தம் 9 பேனல், 4.95 கிலோவாட். நிழலை மறந்து, படிக்கட்டு அறையை ஒட்டி இதே இடைவெளியில் அடுக்கினால் வரிசைக்கு ஏழாக 21 பேனல் வரை காகிதத்தில் காட்டலாம். விலைப்புள்ளியில் அந்த எண் அழகாகத்தான் இருக்கும்.

இந்த மாடியில் ஒரு சபலம் ஒளிந்திருக்கிறது. 3 மணி நிழல் வடகிழக்காகப் போவதால் தெற்கு வரிசையின் பக்கம் கொஞ்சம் வெயில் இடம் கூடுதலாகத் தெரியும். டிசம்பர் படத்தின்படி அங்கே பத்தாவது பேனல் 14 சென்டிமீட்டர் இடைவெளியோடு உட்கார்ந்துவிடும். அதே படத்தில் பிப்ரவரி மூன்றாம் வாரத்து நிழலை வரைந்து பார்த்தால் கதை மாறுகிறது. சூரியன் வடக்கே நகர்ந்திருப்பதால் நிழல் கிழக்கு நோக்கித் தாழ்ந்து படுத்து, பத்தாவது பேனலுக்குள் 20 சென்டிமீட்டர் நுழைகிறது. பேனலின் சாய்வையும் கணக்கில் சேர்த்தால் நூலிழையில் தப்பும். கொத்தனார் கட்டிய சுவரும் வெல்டர் நட்ட தூணும் ஐந்து சென்டிமீட்டர் முன்னே பின்னே இருப்பது சகஜமான இடத்தில் நூலிழையை நம்பக்கூடாது. டிசம்பர் 21 நிழலை மட்டும் பார்த்துத் திருப்திப்படும் வரைபடங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்தப் பேனலை விட்டுவிடுவதே சரி.

சிலர் எட்டடி உயர இரும்புச் சட்டம் போட்டுப் பேனலை மேலே ஏற்றிவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவரின் நிழல் அதோடு ஒழியும். கீழே துணியும் வற்றலும் காயவைக்க இடமும் கிடைக்கும். தொட்டியின் நிழல் குறையுமே தவிர முற்றிலும் போகாது. காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும் விசை கூடும். கழுவுவதற்குத் தனி நடைமேடையும் வேண்டும். புயல் தொடும் கடலோர ஊர்களில் அமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திடாமல் இதைச் செய்யக்கூடாது.

ஏற்கெனவே பேனல் போட்டவர்களும் வரைபடத்தைச் சரிபார்க்கலாம். கோவை இந்திய நேரத்தின் மையக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் டிசம்பரில் சூரிய நேரம் 9 என்பது கடிகாரத்தில் ஏறக்குறைய 9.20; மாலை 3 என்பது 3.20. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அந்த இரண்டு வேளைகளிலும் மாடிக்குப் போய் ஒரு புகைப்படம் எடுத்தால் போதும். பிப்ரவரியில் இன்னொரு முறை.

புதிதாகப் போடப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் நிறுவனத்திடம் அளவோடு கூடிய வரைபடம் கேட்க வேண்டும். அதில் வடக்குக் குறியும், டிசம்பர், பிப்ரவரி, ஜூன் மாத நிழல் கோடுகளும், வரிசைகளுக்கு இடையிலான நடைபாதை அளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வரைந்து தரச் சொல்லுங்கள். மாடியின் அளவு கையில் இருந்தால் பழகியவருக்கு அது அரை நாள் வேலை.