துரு பிடிக்குமா என்றால், பிடிக்கும் என்றே எழுதுங்கள்

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை இணையத்தில் விற்பவர்களின் பக்கத்தில் கேள்வி-பதில் பகுதி பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "உங்கள் கல் ஏன் சிறந்தது?" எந்த வாடிக்கையாளரும் இப்படிக் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது வாட்ஸ்அப்பில் இருக்கிறது, திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணத்தில் இருக்கிறது: "துரு பிடிக்குமா?", "முதல் தோசை ஒட்டுமா?", "இண்டக்‌ஷனில் வைக்கலாமா?" அந்த வார்த்தைகளையே கேள்வியாகப் போடுங்கள்.

பதிலின் முதல் சொல்லிலேயே விடை வந்துவிட வேண்டும். "உயர்தர இரும்பால் ஆனது" என்று மழுப்பினால் சந்தேகம் கூடத்தான் செய்யும். இப்படி எழுதலாம்: "பிடிக்கும், ஈரத்தோடு வைத்தால். கழுவியதும் துடைத்து, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். துரு வந்துவிட்டால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பழக்கிக்கொள்ளலாம், கல் வீணாகாது."

இண்டக்‌ஷன் கேள்விக்கு "வைக்கலாம்" என்பது மட்டும் போதாது. அடி தட்டையா, அதன் விட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லுங்கள். குறைந்த சூட்டில் தொடங்கச் சொல்லுங்கள். திடீர்ச் சூட்டில் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். விரிசலோடு வந்தால் மாற்றித் தருவீர்களா, அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

எழுதிய பிறகும் அதே கேள்வி போனில் வந்துகொண்டிருந்தால், பதில் புரியவில்லை, அல்லது கண்ணில் படவில்லை. முதலில் அதை விலைக்குப் பக்கத்தில் ஏற்றிப் பாருங்கள்.