வேலை தேடும் நேரத்தை எங்கே செலவிடுவது?

புனேயை அடுத்த தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2020 டிசம்பரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலையை வாங்க ஹூண்டாய் 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்துகொண்டது. இப்பகுதியில் பணி தேடும் இயந்திரவியல் பொறியாளர் ஒருவருக்கு வாரம் ஆறு மணி நேரமே கிடைக்கிறது எனக் கொள்வோம்.

மூன்று மணி நேரத்தை நிறுவனங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கங்களுக்கு ஒதுக்கலாம். சென்று வரத்தக்க தொலைவிலுள்ள பத்து நிறுவனங்களைப் பட்டியலிட்டு, வாரந்தோறும் பார்ப்பது போதும்.

உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு அத்தகைய பக்கம் இராது. அவை நௌக்ரி போன்ற பொதுத் தளங்களை நாடும். அங்கே ஆள் தேடுவோரும் சுயவிவரங்களைத் தேடுகின்றனர். ஆகவே விவரத்தைப் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கவும் இரண்டு மணி நேரம் தகும்.

இண்டீட் போன்ற திரட்டித் தளங்கள் பிற இடங்களின் அறிவிப்புகளையும் தொகுத்துத் தருகின்றன. ஒரே பணியிடம் பலமுறை தோன்றலாம். நிரப்பப்பட்ட இடமும் நீடிக்கலாம். அங்கே மின்னஞ்சல் அறிவிப்பு பெற்று, அரை மணி நேரம் பார்த்தால் போதும். எஞ்சிய அரை மணி துறைசார் தளங்களுக்கு. மேலாண்மைப் பணிகளுக்கான ஐஐஎம்ஜாப்ஸ், ஆலைப் பொறியாளருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

திரட்டியில் கண்ட பணியை நிறுவனப் பக்கத்திலும் தேடுங்கள். இருந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள். இல்லையெனில், நிறுவனத்தின் தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். நேர்காணலுக்கு 'முன்பணம்' கேட்டால் அது மோசடியே, செலுத்தாதீர்கள்.