முதல் மணிக்கு உட்காரணும், இரண்டாம் மணிக்கு அழுத்தணும்

அப்பாவுக்கு 74 வயது. பிரஷருக்குப் பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன தை மாதம் டாக்டரிடம் போனபோது 158/92 என்று காட்டியது. மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்த டாக்டர், "வீட்டில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். மூன்று மாதக் கணக்கு அதில் இருந்தது. டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டை நான் உட்கார்ந்து படித்தேன். 120/80, 130/80, மறுபடியும் 130/80. பிரஷர் மெஷின் 127, 133, 141 என்றுதான் காட்டும். எல்லா எண்ணும் பூஜ்யத்திலேயே முடியாது. மெஷினின் நினைவில் இருந்த பழைய அளவுகளைப் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நோட்டில் 130 என்றிருந்த நாளில் மெஷினில் மூன்று அளவுகள் இருந்தன: 149, 142, 134. எண் இறங்கும்வரை திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசியாக வந்ததை முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார். "நல்லா வந்ததைத்தானேம்மா எழுதணும்?" என்று கேட்டார். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எதை எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நோட்டில் நேரமும் இல்லை. காபி குடித்த கையோடு பார்த்ததும், மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்ததும் ஒரே வரிசையில் கலந்து கிடந்தன. அதை வைத்து எந்த டாக்டரும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

அடுத்த சந்திப்புக்குமுன் ஒரு வாரம் ஒழுங்காகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் முறை இது: ஏழு நாள், காலையும் மாலையும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் பார்ப்பது மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது.

அப்பா 5.30க்கு எழுந்து 6 மணிக்குக் காபி குடிப்பவர். அதனால் 5.45க்கு அவர் செல்போனில் அலாரம் வைத்தேன். முதல் நாளே தப்பு எங்கே என்று தெரிந்தது. அலாரம் அடித்ததும் கூடத்திலிருந்து வேகமாக நடந்து வந்து, போனை அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் பொத்தானை அழுத்தினார். முதல் அளவு 151 காட்டியது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்து மறுபடி பார்த்தபோது 138. அந்த ஐந்து நிமிட ஓய்வைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம்.

அதனால் அலாரத்தை இரண்டாகப் பிரித்தேன். 5.45க்கு அடிப்பதன் பெயர் "உட்காரணும்". 5.50க்கு அடிப்பதன் பெயர் "அழுத்தணும்". மாலை 7 மணிக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி. போனை இருக்கும் இடத்திலிருந்து எடுத்து, மெஷின் வைத்திருக்கும் மேஜையிலேயே சார்ஜில் போட்டேன். இரண்டாவது மணி அடிக்கும்போது எழுந்து போய் அணைக்க வேண்டியதில்லை.

முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் செய்ய வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி மேஜையில் ஒட்டினோம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. பட்டையை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் கையில் சுற்ற வேண்டும். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டுக்கொள்வதும் அளவைக் கெடுக்கும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் எண் கூடும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தாலும் கூடும். அம்மா அந்த நேரம் பார்த்து, "பால் வந்துச்சாங்க?" என்று கேட்டால்கூடப் பதில் சொல்லக் கூடாது, பேசினாலே ஏறும்.

விட்டுப்போன வேளையைப் பற்றி ஒரே விதிதான் வைத்தோம்: கட்டத்தைக் காலியாக விட வேண்டும், நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. வியாழக்கிழமை மாலை கல்யாண ரிசப்ஷனுக்குப் போனதால் அளவு இல்லை. அங்கே ஒரு கோடு போட்டு "வெளியூர்" என்று எழுதினார். ஒரு நாள் கூடுதலாகப் பார்த்து அந்த வேளையை ஈடுகட்டினோம்.

துபாயிலிருக்கும் தம்பி தினமும் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். இரண்டாம் நாள் 146 என்று போனதும் பதறிப்போய்ப் போன் செய்தான். அன்று மாலை அப்பாவுக்கு அந்தக் கவலையிலேயே அளவு ஏறியது. பிரஷர் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். தனி எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை, சராசரிக்குத்தான் அர்த்தம். வாரம் முடிந்து அனுப்புகிறோம் என்று அவனிடம் சொல்லிவிட்டோம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மேல் எண் 180ஐயோ கீழ் எண் 120ஐயோ தொட்டால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், கண் மங்கல் இருந்தால் மறுபடி பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது, உடனே 108.

வாரக் கடைசியில் கணக்கைப் போட்டேன். முதல் நாள் அளவுகளைச் சேர்ப்பதில்லை. பழகாத பதற்றத்தில் அவை கூடுதலாகவே இருக்கும். மீதி ஆறு நாளில் 24 அளவுகள். மேல் எண்களின் கூட்டுத்தொகை 3168, 24ஆல் வகுத்தால் 132. கீழ் எண்ணின் சராசரி 76. காலையை மட்டும் எடுத்தால் 136/78, மாலை 128/74. வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டாக்டர் அறையில் பார்க்கும் 140/90க்கு அது சமம். அந்த அறையில் மட்டும் எண் ஏறுவது பலருக்கும் நடப்பது.

எண்ணோடு குறிப்புகளுக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதில் அப்பா இரண்டு நாள் "எழுந்ததும் தலை சுத்தல்" என்று எழுதியிருந்தார். அதனால் இரண்டு காலைகளில், பக்கத்தில் நான் நின்றுகொண்டு, அவர் எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தோம். உட்கார்ந்திருந்தபோது 130, நின்ற பிறகு 106. மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர்கள் பாத்ரூமில் விழுவதற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம்.

டாக்டரிடம் கொண்டுபோனது ஒரே பக்கம். மேலே மூன்று சராசரிகள், அடுத்து நின்று பார்த்த அளவு, தலைசுற்றல் வந்த நாட்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அவற்றின் நேரமும். நாள்வாரிக் கட்டம் பின்பக்கத்தில். மெஷினையும் எடுத்துப்போய், அவருடைய கருவியோடு ஒரு முறை ஒத்துப் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பக்கத்தை டாக்டர் முழுசாகப் படித்தார். பிரஷர் மாத்திரையைக் கூட்டவில்லை. கடைசி வரியில் விரலை வைத்து, "இது யார் கொடுத்தது?" என்று கேட்டார். புராஸ்டேட் தொந்தரவுக்காக வேறொரு டாக்டர் எழுதியிருந்த இரவு மாத்திரை அது. அந்த வகை மாத்திரைகள் சில, எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியவை என்றார். அதை மாற்ற முடியுமா என்று அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதுவரை படுக்கையிலிருந்து எழும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார்.

இப்போது அப்பா தினமும் பார்ப்பதில்லை. அடுத்த சந்திப்புக்கு எட்டு நாள் முன்பு தொடங்கும்படி அந்த நான்கு அலாரங்களையும் வைத்திருக்கிறேன். கட்டில் விளிம்பில் உட்காரும் பழக்கம் மட்டும் தினமும் நடக்கிறது.